‘நீங்க’ இல்லாத வீடு

என் அண்ணன் சுருளியின் கடைக்கு வருகிற யாருக்கும் அங்கே சொந்தப் பெயர் கிடையாது. தல்லாகுளத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார். கோர்ட்டிலிருந்து வரும் குமாஸ்தா ஒருவருக்கு ‘வாய்தா’ என்று பெயர். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் ‘நாளைக்கு வா’. எதிர்த்த ஜூஸ் கடைக்காரர் ‘ஐஸ் கம்மி’. பெயர் கிடைத்தவர்கள் அதைப் பற்றி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. கிடைக்காதவர்கள்தான் வருத்தப்பட வேண்டும். அண்ணன் ஒருவரைக் கேலி செய்யாமல் வெறுமனே “வாங்க, சார்” என்று மரியாதையாகப் பேசினால், அந்த ஆளை அவருக்குப் பிடிக்கவில்லை என்று பொருள்.

அண்ணன் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். இன்னொருவர் கடையில் சீட்டிலிருந்து பழைய பின்களைப் பிடுங்கும் வேலையில் ஆரம்பித்து, ரெக்சின் வெட்டக் கற்றுக்கொண்டு, பிறகு தனியாகக் கடை போட்டார். அவர் வெட்டுவார், மதினி முனீஸ்வரி தைப்பார். மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே அண்ணனுக்குக் குரல் உரத்துப் போய்விட்டது. திருப்பரங்குன்றத்தில் சொந்தமாகச் சின்ன வீடு. பிள்ளை இல்லை. ஊரில் எல்லாவற்றையும் கேலி செய்கிற அண்ணன், அதைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கேலியாகப் பேசியதில்லை.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் மகளைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சென்ற கோடையில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே நடந்த ஒன்றுதான், அண்ணன் எப்படிப்பட்டவர் என்பதை எனக்குக் காட்டியது.

நானும் என் கணவர் ராம்கியும் அயர்லாந்தில், கார்க் நகரத்தில் இருக்கிறோம். அஸ்வினி அங்கேதான் பிறந்தாள். மூன்று வயது வரை அவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், நிறுத்தாமல் பேசுவாள். குழந்தைகள் காப்பகத்துக்குப் போன பிறகு ஆங்கிலம் வந்தது. முதலில் நிறங்களும் பொம்மைகளும் ஆங்கிலத்துக்கு மாறின. அப்புறம் கோபம் மாறியது. கடைசியில், நான் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. கேட்பது முழுக்கப் புரியும், வாய்க்கு வராது. இப்படி ஆகும் என்று அங்கேயிருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் ஆகாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பயத்தில் ஒரு சட்டம் போட்டேன். “தமிழ்ல கேளு, தாரேன்.” பாலோ தண்ணீரோ எதுவானாலும் தமிழில் கேட்டால்தான் கிடைக்கும். கொஞ்ச நாளில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, குழாயைத் திறந்து தானே தண்ணீர் பிடித்துக் குடித்தாள். அதைப் பார்த்த ராம்கி, இந்தச் சட்டத்தால் பிள்ளைக்குத் தமிழ் வரப்போவதில்லை, தாகம்தான் பழகும் என்றார். அத்தோடு அதை நிறுத்தினேன். பதிலாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். ஒரு தேவாலயக் கூடத்தை வாடகைக்கு எடுத்து நம்மவர்கள் நடத்துவது. நல்ல ஆசிரியை, அக்கறையானவர். ஆனால் வகுப்பில் எழுத்துத் தமிழ்தான். அஸ்வினி ஒரு நாள் ‘எம்புட்டு’ என்று எழுதியதை அடித்து ‘எவ்வளவு’ என்று திருத்திக் கொடுத்தார். அது அவர் வேலை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்த அஸ்வினி, “அம்மா, நாம பேசுறது தப்பா?” என்று கேட்டாள். எழுதுவது வேறு, பேசுவது வேறு, இரண்டும் தமிழ்தான் என்று விளக்கினேன். அதை நம்பினாளா என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவள் வாயிலிருந்து தமிழ் தானாக வந்த ஒரே இடம், ஞாயிற்றுக்கிழமை சுருளி மாமாவோடு பேசும் வீடியோ கால்தான்.

மற்ற சொந்தக்காரர்கள் போன் திரையில் வந்ததும், “தமிழ்ல ஏதாச்சும் சொல்லு பாப்போம்” என்பார்கள். அவள் வாயை மூடிக்கொள்வாள். அண்ணன் அப்படிக் கேட்டதே இல்லை. போனை நூல்கண்டில் சாய்த்து வைத்துவிட்டு வெட்டிக்கொண்டே பொய் சொல்ல ஆரம்பிப்பார். கடைக்கு ஒரு யானை வந்தது, முதுகுக்கு ரெக்சின் போட வேண்டும் என்று கேட்டது, அளவு எடுக்க ஏணி இல்லை என்று ஏதாவது. அஸ்வினி உடனே, “யானைக்கு எம்புட்டு ரெக்சின்?” என்பாள். “நீ பொய் சொல்ற மாமா, யானைக்குப் பைக் ஓட்டத் தெரியாது,” என்பாள். தப்பும் தவறுமாக, ஆனால் முழு வாக்கியமாக வரும். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதும் ஒரு காரணம். வார்த்தை கிடைக்காத இடத்தில் அவள் கையைக் காட்டுவாள், வேறு வார்த்தை தேடுவாள், எப்படியாவது சுற்றிவந்து சேர்ந்துவிடுவாள். அவளுக்குத் தமிழ் வருகிறதா என்று அண்ணன் சோதித்துப் பார்த்ததில்லை. யானைக்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று தெரிந்துகொள்ளத்தான் அவருக்கு ஆசை.

சென்ற கோடை விடுமுறையில் நானும் அஸ்வினியும் மதுரைக்கு வந்தோம். ராம்கிக்கு விடுப்பு இல்லை. வந்த மறுநாளே அஸ்வினி மாமாவோடு கடைக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே ஒரு உருண்டை ஸ்டூல் அவளுடையதானது. எட்டு வயதுப் பிள்ளை. ரெக்சின் துண்டுகளைப் பொறுக்கி நிறம் பிரித்து வைப்பாள். நான் நிம்மதியாக இருந்தேன். இந்த ஒரு கோடை போதும், தமிழ் நாக்கில் உட்கார்ந்துவிடும் என்று ராம்கியிடம் போனில் சொன்னேன்.

அந்த வாரத்திலேயே கருத்தக்கண்ணன் கடைக்கு வந்தார். மதினியின் பெரியப்பா, டி. கல்லுப்பட்டியில் விவசாயம். மதினியின் தகப்பனார் இறந்த பிறகு முன்னால் நின்று கல்யாணத்தை நடத்தியவர். அண்ணன் கேலிப் பெயர் வைக்காத ஒரு சிலரில் இவர் பிடிக்காமல் அல்ல, பயபக்தியால் தப்பியவர். ஒரு பை நிறைய வெண்டைக்காயோடு வந்து, அந்த உருண்டை ஸ்டூலில் உட்கார்ந்தார். நானும் அப்போது கடையில்தான் இருந்தேன். எதிர்க்கடையில் ஜூஸ் குடித்துவிட்டு ஓடிவந்த அஸ்வினி, அவர் முன்னால் வந்து நின்று இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

“தாத்தா, நீ ஏன் என் ஸ்டூல்ல உக்காந்திருக்க? எந்திரி.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். யானையோடு பேசுகிற அதே குரல். ஆனால் மெஷின் நின்றுவிட்டது. பெரியவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “புள்ளைய நல்லாத்தேன் வளத்திருக்க, தாயி,” என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. அண்ணன்தான் புகுந்து காப்பாற்றினார். “மாமா, கோவிச்சுக்கிறாதீங்க. அவ மரியாதைய ஏர்போர்ட்டுல புடுங்கி வச்சுக்கிட்டாய்ங்க. திரும்பிப் போகும்போதுதேன் குடுப்பாய்ங்களாம்.” கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்துவிட்டார். அண்ணன் பெரியவரைக் காப்பாற்றினார், என்னைக் காப்பாற்றினார். பிள்ளையை யாரும் காப்பாற்றவில்லை.

தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அஸ்வினிக்குப் புரிந்தது. எது தப்பு என்று புரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். சனிக்கிழமை வகுப்பைத்தான் தேடியிருக்க வேண்டும். தேடி எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்து, “தாத்தா, நீங்கள் தயவுசெய்து எழுந்திருங்கள்,” என்றாள்.

முதலில் சிரித்ததைவிட இப்போது பெரிதாகச் சிரித்தார்கள். அண்ணன் அளவு நாடாவின் நுனியை மைக் மாதிரி அவள் வாய்க்கு நேராக நீட்டி, “செய்திகள். வாசிப்பது அஸ்வினி,” என்றார்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று மாலை முழுக்க, கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லிக் காட்டினார். ‘வாய்தா’ வந்ததும், “ஏத்தா, அந்தச் செய்திய ஒருக்கா வாசி,” என்று கேட்டார். முதல் தடவை வெட்கச் சிரிப்போடு சொன்னாள். அடுத்த தடவை சிரிப்பில்லாமல் சொன்னாள். அதற்கு அடுத்ததில் ஒன்றும் சொல்லாமல் மதினியின் மெஷின் பக்கம் போய் நின்றுகொண்டாள். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு அன்று ஒரே பெருமை. என் மருமகளுக்கு ‘செய்திகள்’னு பேர் வச்சாச்சு என்கிற பெருமை.

திருப்பரங்குன்றம் திரும்பும்போது ஆட்டோவில் அவள் ஆங்கிலத்தில் பேசினாள். அம்மா சொல்லிக்கொடுத்தபடி பேசினால் முறைக்கிறார்கள், டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி பேசினால் சிரிக்கிறார்கள், சரியான தமிழ் என்று மூன்றாவதாக ஒன்று எங்காவது இருக்கிறதா என்று கேட்டாள். ஆட்டோ சத்தத்தில் கேட்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். 

மறுநாளிலிருந்து அவள் தமிழ் பேசவில்லை.

அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. மாமா கேட்டால் தலையாட்டுவாள். அத்தை சாப்பிடக் கூப்பிட்டால் வந்து உட்காருவாள். பேச வேண்டியிருந்தால் என் காதில் ஆங்கிலத்தில் சொல்லி, என்னைச் சொல்லச் சொல்வாள். மதினியின் தங்கை மகள் தமிழ்வாணி விடுமுறை நாட்களில் வருவாள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறவள். அஸ்வினியோடு இருந்தால் ஆங்கிலம் நன்றாக வரும் என்று அவள் அம்மா அனுப்பி வைத்தாள். இரண்டு பேரும் ரோட்டில் போகிற பஸ்களைப் பற்றிக்கூட ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டார்கள். தமிழ் கேட்க மதுரைக்குக் கூட்டிவந்த பிள்ளைக்கு, மதுரையே ஆங்கிலத்தில் பதில் சொன்னது.

என் பயம் என்னவென்று சொல்கிறேன். கார்க்கில் எங்கள் வீட்டில் நான் பேசும் தமிழை ஒரு நாள் முழுக்கக் கேட்டுப் பார்த்தால் தெரியும். எந்திரி, பல்லு விளக்கு, சாப்பிடு, சீக்கிரம் வா, போதும் தூங்கு. அத்தனையும் ஏவல். பொய்யும் யானையும் வம்பும் வாயாடலும் எல்லாம் அண்ணனிடம்தான் இருந்தன. அந்த ஒரு வழி அடைபட்டால், அவளுக்குத் தமிழ் என்பது வேலை சொல்கிற அம்மாவின் குரல் மட்டும்தான். அந்தக் குரலை யார்தான் பெரியவளான பிறகும் வைத்துக்கொள்வார்கள்?

அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அவருக்கு என்ன குற்றம் என்றே விளங்கவில்லை.

“நான் என்ன வைஞ்சேனா பாப்பா? கேலிதான பண்ணேன். இந்தச் சந்துல எந்தப் புள்ளையக் கேலி பண்ணாம விட்டேன்?”

“அந்தப் புள்ளைங்க திருப்பிக் குடுக்கும்ணே. நீங்க ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லும். இவ எதை வச்சுச் சொல்லுவா? இருந்த நாலு வார்த்தையத்தான நீங்க பிடிச்சுக் கேலி பண்ணீங்க.”

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அன்று முழுக்க யாரையும் கேலிப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் அவளைத் திரும்பப் பெறுவதற்காகத்தான். கோயில் வாசலுக்குக் கூட்டிப்போனார், வளையல் வாங்கிக் கொடுத்தார். அவள் ஆங்கிலத்தில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். கடைசியாக ‘வாய்தா’ ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். போனில் ஒரு செயலி உண்டு, தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் சொல்லிவிடும் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. அஸ்வினி இட்லியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, எதிரில் வந்து உட்கார்ந்தார். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, “சாப்பிட்டியா கழுத? மாமா மேல கோவமா?” என்று கேட்டார். போனிலிருந்து ஒரு பெண் குரல், நிதானமான ஆங்கிலத்தில், கழுதை சாப்பிட்டதா, அது மாமாவின் மேல் கோபமாக இருக்கிறதா என்று விசாரித்தது. வேறு நேரமாக இருந்தால் நாங்கள் எல்லோரும் உருண்டு சிரித்திருப்போம். அண்ணன் ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்வினியின் கண் நிறைந்தது. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கழுதை என்றதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, அது செல்லமாகச் சொல்வது என்று விளக்கப் போனேன். அவள் தலையை ஆட்டினாள். கழுதை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்; மாமா எப்போதும் சொல்வதுதான். அவள் கேட்டது வேறு. அதையும் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். தனக்குத் தமிழ் புரியாது என்று மாமா முடிவு பண்ணிவிட்டாரா?

நான் மொட்டைமாடிக்குப் போய் அண்ணனிடம் அதை அப்படியே சொன்னேன். காய்கிற துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் இன்னும் அந்தப் போன்.

“அவளுக்காகத்தேன் நான் இங்கிலீசுக்கு எறங்கிப் போனேன்,” என்றார்.

“அவ தமிழ்லயேதான் இருக்காண்ணே. நீங்கதான் விட்டுட்டுப் போயிட்டீங்க.”

அவர் கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்துக் கொடியிலேயே போட்டார்.

மதினி கீழேயிருந்து காபியோடு வந்தார். பேச்சை மாற்றுகிற மாதிரி, கார்க்கில் மாப்பிள்ளையை நான் எப்படிக் கூப்பிடுவேன் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ‘நீ, வா, போ’தான் மதினி, என்றேன். ராம்கியும் என்னை அப்படித்தான். காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் ‘நீங்க’ இல்லை. மூன்று பேர். நான் ராம்கியை நீ என்கிறேன், அவர் என்னை நீ என்கிறார், நாங்கள் இரண்டு பேரும் அவளை நீ என்கிறோம். அடுத்த வீட்டில் ஐரிஷ்காரர்கள். ஒரு பெரியவரிடம் இன்னொரு பெரியவர் தமிழில் எப்படிப் பேசுவார் என்பதை அந்த வீட்டில் அவள் காதால் கேட்கவே வாய்ப்பில்லை. தன்னிடம் எல்லோரும் எப்படிப் பேசுகிறார்களோ அப்படித்தான் தாத்தாவிடமும் பேச வேண்டும் என்று அவள் எடுத்துக்கொண்டது நியாயம்தானே. அவள் மரியாதை தெரியாமல் பேசவில்லை. தனக்குக் கிடைத்த ஒரே தமிழை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். ‘நீங்கள்’ என்பது அவளுக்கு வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற சொல். உயிருள்ள ஒருவர் வாயிலிருந்து வருகிற சொல் என்று தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்துப் புரியவைக்க முடியாது. கேட்டுத்தான் வர வேண்டும். தன்னைப் பார்த்துச் சொல்வதை அல்ல, பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை.

“அப்ப கடையிலயே இருக்கட்டும்,” என்றார் மதினி. “அங்க நாள் பூரா அதத்தான பேசிக்கிட்டிருக்கோம்.”

அண்ணன், தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அவரை நான் அப்படி ஒரு கேள்வியோடு பார்த்ததில்லை. அவளைப் பேசச் சொல்ல வேண்டாம், திருத்த வேண்டாம், அவள் எந்த மொழியில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், யாரை வேண்டுமானாலும் கேலி செய்யுங்கள், அவள் பேச்சை மட்டும் வேண்டாம் என்றேன்.

“பேச்சக் கேலி பண்ணாம நான் என்னத்தப் பேச?” என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

மறுபடி கடைக்குப் போனாள். பிடித்துப் போனாள் என்று சொல்ல முடியாது. வீட்டில் தமிழ்வாணி வராத நாட்களில் வேறு போக்கிடம் இல்லை. அண்ணன் அவளோடு தமிழிலேயே பேசினார், பதிலுக்கு நிற்காமல். வெட்டுவதைப் பற்றி, வெயிலைப் பற்றி, காலையில் பெட்ரோல் பங்கில் நடந்ததைப் பற்றி. அவள் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னால், அவருக்குப் பாதிதான் புரியும். சரியா என்று பார்க்கத் தமிழில் திருப்பிக் கேட்பார். “ப்ளூவா? இந்த நீலமா, இருட்டு நீலமா?” அவள் கை காட்டுவாள். “ஆங், இருட்டு நீலம்,” என்பார். அது பாடம் இல்லை. அவருக்கு நிஜமாகவே எது வேண்டும் என்று தெரிய வேண்டியிருந்தது.

ஆனால் ஆள் பாதியாகிவிட்டார். ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே விடுவது தெரிந்தது. அவள் இருக்கும்போது வருகிறவர்களையும் கேலிப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘ஐஸ் கம்மி’ என்னிடம் வந்து, சுருளிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, வாங்க அண்ணே போங்க அண்ணே என்று பேசுகிறான், பயமாக இருக்கிறது என்றார். கருத்தக்கண்ணனும் ஒரு முறை வந்தார். அஸ்வினி எழுந்து ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டு, வாய் திறக்காமல் நகர்ந்து நின்றாள். பெரியவர் அவளைத் தட்டிக்கொடுத்தார். நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று அவருக்குத் திருப்தி. எனக்கு இல்லை. ‘நீ’ போய்விட்டது, அதன் இடத்தில் ஒன்றும் வரவில்லை.

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு மதியம். மதினி வங்கிக்குப் போயிருந்தார். அண்ணன் உள்ளறையில் ஃபோம் ஷீட்டை அறுத்துக்கொண்டிருந்தார். நான் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அஸ்வினி மட்டும் முன்னால். ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து, கடையில் யாரும் இல்லையா என்று கேட்பது கேட்டது. அண்ணன் எழப் போனவர், அப்படியே நின்றார்.  அந்தப் பெண் மறுபடி கேட்டார். அப்புறம் என் மகளின் குரல் வந்தது.

“மாமா உள்ள இருக்கான். நீங்க உக்காருங்க.”

அந்தப் பெண் சிரித்தார். “மாமாவ அவன்னா சொல்லுவாக?” என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அந்த வாக்கியம் அவருக்கு ஒரு விருந்து. அதில் பத்து கேலி இருக்கிறது. ஒவ்வொன்றும் அவர் தொண்டை வரைக்கும் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். “ஆமாங்க, மாமா உள்ளதான் இருந்தாரு, இந்தா வந்துட்டாரு,” என்றார் அந்தப் பெண்ணிடம். “உக்காருங்க. எந்த வண்டிக்கு?” அவ்வளவுதான். அஸ்வினியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. நீலத் துண்டை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து வருகிறவர்களிடம் ‘நீங்க’ என்று ஒன்றிரண்டு வார்த்தை சொல்ல ஆரம்பித்தாள். வீட்டில் ஆங்கிலம்தான். மாமாவிடம் கேட்டால் பதில் சொல்வாள். தானாக எதையும் ஆரம்பிக்கவில்லை. ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்து, அப்புறம் அவரைப் பார்த்து, “போயிட்டு வாரேன், மாமா,” என்றாள். சரியான வார்த்தை. அண்ணன் தலையாட்டினார். பதிலுக்கு என்ன சொல்லலாம், எதைச் சொன்னால் தப்பாகும் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

கார்க் வந்த பிறகு நானும் ராம்கியும் ஒருவரை ஒருவர் ‘நீங்க’ என்று பேசிப் பார்த்தோம். இரண்டு நாளில் சிரித்துவிட்டோம். அதற்குப் பதிலாக, மதினியோடும் அண்ணனோடும் நான் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவளை அருகில் விளையாட விடுகிறேன். அவளைக் கூப்பிடுவதில்லை. சனிக்கிழமை வகுப்பும் போகிறது. அது எழுதவும் படிக்கவும்; பேசுவது வேறு என்று டீச்சரே இப்போது பிள்ளைகளிடம் சொல்கிறாராம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் குறுகிவிட்டது. அண்ணன் நலம் விசாரிக்கிறார். சாப்பிட்டியா, பள்ளிக்கூடம் போனியா, மழையா. அவள் ஒரு வரியில் சொல்கிறாள். எந்த மிருகமும் கடைக்கு வருவதில்லை. அவளைப் புண்படுத்தாத தமிழ் ஒன்றைத் தேடித் தேடி, கடைசியில் அவரும் என்னைப் போலவே ஆகிவிட்டார். நான்தான் அவரை அப்படி ஆக்கினேனோ என்ற சந்தேகம் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறது. பிள்ளையின் தமிழைக் காப்பாற்றப் போய், அவர்களிடையே இருந்த தமிழை அணைத்துவிட்டேனோ என்று.

போன ஞாயிறு அண்ணன் தலைக்குக் கறுப்பு மை அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மதினியின் சொந்தத்தில் ஏதோ விசேஷமாம். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அஸ்வினி பதில் சொல்லிக்கொண்டே திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“மாமா, உங்க தலைக்கு ரெக்சின் போட்டாங்களா?”

நான் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் அண்ணனின் வாய் திறந்தது. சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டார். பிறகு அவளைத் தாண்டி, பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

“பாப்பா, திருப்பி ஒண்ணு சொல்லலாமா?” என்று கேட்டார்.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். மாமா திருப்பி என்ன சொல்லப் போகிறார் என்று அஸ்வினி திரையைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.